ரெப்போ வீட்டுக் கடனில் வட்டியை மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் எப்போது கேட்கலாம்?

"2020இல் வாங்கிய வீட்டுக் கடன், ரெப்போவோடு சேர்ந்தது. ரெப்போ இறங்கியும் புதிதாக வாங்குபவர்களைவிட நான் ஒரு சதவீதம் அதிகம் கட்டுகிறேன். வங்கி ஏமாற்றுகிறதா? மாற்றச் சொல்லி எப்போது கேட்கலாம்?"

ஏமாற்றவில்லை. ஆனால் நீங்களாகப் போய்க் கேட்காவிட்டால் கடன் முடியும்வரை இப்படியேதான் போகும். நானும் 2020இல்தான் கடன் வாங்கினேன், இதே ஒரு சதவீதத்தில்தான் மாட்டினேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வட்டி என்ற இடத்தில் ஒரே எண் இருக்காது, இரண்டு எண்களின் கூட்டல் இருக்கும். என்னுடையதில் "ரெப்போ 4.00 + ஸ்பிரெட் 3.00 = 7.00" என்று இருந்தது. முதல் எண், வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைக்கும் வட்டி. அது ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வங்கி அதை உங்கள் கணக்கில் மாற்றியாக வேண்டும். இரண்டாவது எண் ரெப்போவுக்கு மேல் கையெழுத்துப் போட்ட அன்று வங்கி வைத்தது. ரெப்போ என்ன ஆட்டம் ஆடினாலும் அது அசையாது.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி போட்டது. அந்த விதியிலேயே ஸ்பிரெட்டுக்கும் பூட்டு இருக்கிறது. கடனாளியின் நம்பகத்தன்மைக்காக வைக்கும் பங்கை, அவருடைய கடன் மதிப்பீடு பெரிதாக மாறினால் மட்டுமே மாற்றலாம். நிர்வாகச் செலவு போன்ற மற்ற பங்குகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம். நாம் மாட்டிய பிறகு வங்கி இஷ்டத்துக்கு ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. 2022 மே மாதம் 4.00இல் இருந்த ரெப்போ 2023 பிப்ரவரிக்குள் 6.50க்குப் போனபோது அந்தப் பூட்டுதான் என்னைக் காப்பாற்றியது. ஸ்பிரெட்டையும் சேர்த்து ஏற்றியிருந்தால் நாங்கள் தாங்கியிருக்க மாட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "விதியைக் குறை சொல்கிறாள்" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். விதி நல்ல விதி. ஆனால் அதே பூட்டு கீழே இறங்கவும் விடவில்லை.

என் கதைக்கு வருகிறேன். 2020 நவம்பரில் 30 லட்சம், 20 ஆண்டு, 7 சதவீதம், மாதத் தவணை 23,260 ரூபாய். 2023 ஏப்ரலில் வட்டி 9.50 ஆனது. தவணை மட்டும் மாறவேயில்லை. நானும் கணவரும் அதை நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. நிலுவை 28.5 லட்சம், அதற்கு ஒரு மாத வட்டியே 22,560 ரூபாய். கட்டிய 23,260இல் அசலுக்குப் போனது வெறும் 700 ரூபாய். வங்கி எங்களைக் கேட்காமலே கடன் காலத்தை நீட்டி வைத்திருந்தது. ஓடிப்போய்த் தவணையை 27,900 ஆக ஏற்றச் சொன்னோம். இப்படிக் கேட்காமல் நீட்டக் கூடாது, தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடனாளிதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி சொன்னது. எங்களுக்கு அது நான்கு மாதம் தாமதம். உங்கள் கணக்கில் என்ன நடந்தது என்று இன்றே பாருங்கள்.

அப்புறம் 2025. பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை மூன்று முறை குறைத்து ரெப்போவை 5.50க்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு 8.50 ஆனது. நிலுவை 26.7 லட்சம், மீதி 15 ஆண்டு, தவணையை 26,300 ஆகக் குறைத்தார்கள். செப்டம்பரில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் அதே கிளையில் கடன் வாங்கினாள். அவளுக்கு 7.50. அதே வங்கி, அதே மேலாளர், சம்பளமும் கிட்டத்தட்ட என் சம்பளம்தான். ஐந்து வருஷம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவளுக்கு 8.50, நேற்று வந்தவளுக்கு 7.50. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கிளையில் போய்க் கேட்டேன். "மேடம், ரெப்போ குறைந்தது முழுவதையும் உங்களுக்குக் கொடுத்துவிட்டோமே" என்றார் மேலாளர். அது உண்மைதான். நான் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன். ரெப்போ இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அவளுடைய ஸ்பிரெட் 2.00, என்னுடையது 3.00, வித்தியாசம் முழுவதும் அங்கேதான் இருந்தது. போட்டி அதிகமானதும் புதியவர்களை இழுக்க வங்கி ஸ்பிரெட்டைக் குறைக்கிறது. பழையவர்களின் ஸ்பிரெட் வாங்கிய நாளிலேயே நிற்கிறது. "வட்டியைக் குறையுங்கள்" என்று நீங்கள் கேட்டால் உங்களுக்கும் எனக்கு வந்த பதில்தான் வரும். "ஸ்பிரெட்டைக் குறையுங்கள்" என்று கேளுங்கள், அதையும் எழுத்தில் கேளுங்கள்.

எப்போது கேட்கலாம் என்றால், எனக்குக் கை கொடுத்தவை மூன்று. முதலாவது, மூன்று ஆண்டுக் கெடு எனக்கு 2023 நவம்பரிலேயே முடிந்திருந்தது. இரண்டாவது, 2025 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு தளர்வு கொடுத்தது. வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள, மூன்று ஆண்டு முடியாவிட்டாலும் அந்த மற்ற பங்குகளை வங்கி குறைக்கலாம், பாகுபாடு இல்லாமல் செய்ய வேண்டும். ஆகவே "மூன்று வருஷம் ஆகவில்லை, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது" என்ற பதில் இப்போது செல்லாது. மூன்றாவது, கடன் வாங்கியபோது 738 ஆக இருந்த என் சிபில் மதிப்பெண் 801 ஆகியிருந்தது. நம்பகத்தன்மைப் பங்கை மறுபடி மதிப்பிடச் சொல்ல அது ஒரு காரணம். இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். தவணை தவறியவர்கள் இந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் "குறைக்கலாம்" என்றுதான் இருக்கிறது, "குறைக்க வேண்டும்" என்று எங்கும் இல்லை. நம்மைப் போன்றவர்கள் உரிமையாக வாங்க முடியாது, பேசித்தான் வாங்க வேண்டும். பேச்சுக்கு எடை சேர்ப்பது வெளியே போக முடியும் என்ற நிலைமைதான். தனிநபருக்கான மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. நான் வேறொரு வங்கியில் 7.50க்கு ஒப்புதல் கடிதம் வாங்கினேன். அங்கே மாற்றினால் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் செலவு, பத்திர ஒப்படைப்பைப் புதிதாகப் பதிவது எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அந்தக் கடிதத்தின் நகல், ஒப்புதல் கடிதத்தில் ஸ்பிரெட் இருக்கும் பக்கம், சிபில் அறிக்கை மூன்றையும் சேர்த்து எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கினேன். பதினெட்டாவது நாள் அழைத்தார்கள். ஸ்பிரெட் 2.25, கட்டணம் வரியோடு 5,900.

2.00 கிடைக்கவில்லையே, ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்பீர்கள். கால் சதவீதத்துக்கு முதல் வருஷம் சுமார் 6,600 ரூபாய்தான். வெளியே போனால் 32,000 கூடச் செலவு, அதை மீட்கவே ஐந்து வருஷம் ஆகும். அதோடு புது வங்கியில் மறுபடி பத்திரம், மறுபடி அலைச்சல். உங்கள் நிலுவை 50 லட்சம் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும், போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வட்டி 7.75 ஆனதும் தவணையை 25,130 ஆகக் குறைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், 26,300ஐயே வைத்துக்கொண்டு காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். 180 மாதம் 166 ஆனது. வட்டி இதே நிலையில் இருந்தால் மொத்தத்தில் மிச்சம் மூன்றே முக்கால் லட்சத்துக்கு அருகில் வரும்.

நிலையான வட்டிக்கு மாறலாமே என்று இங்கே இன்னொருவர் எழுதியிருந்தார். 2023 சுற்றறிக்கை அந்த வாய்ப்பைக் கொடுக்கச் சொன்னது. 2025 அக்டோபரிலிருந்து கொடுப்பதும் கொடுக்காததும் கடன் தருபவர் விருப்பம். எனக்கு அவர்கள் சொன்ன எண் 10.25, அங்கேயே விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது 2019க்கு முந்தைய கடன், எம்.சி.எல்.ஆர் அல்லது அடிப்படை வட்டி என்ற வங்கியின் சொந்த அளவுகோலில் இருந்தால் அவர்கள் நம்மைவிட நல்ல இடத்தில் இருக்கிறார்கள். அபராதமின்றி முன்கூட்டி அடைக்கத் தகுதி உள்ள கடன் என்றால் வெளி அளவுகோலுக்கு மாறுவது அவர்களுக்கு உரிமை. நியாயமான நிர்வாக, சட்டச் செலவு தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது. அவர்களுக்குக் கிளை மறுத்தால், வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நம் ஸ்பிரெட் விஷயத்தை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை, வங்கியின் வணிக முடிவில் அவர் தலையிட மாட்டார். கடன் வங்கியில் இல்லாமல் வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் இருந்தால் இந்த ரெப்போ இணைப்பு விதியே பொருந்தாது. அவர்கள் தாங்களே வைக்கும் வட்டியோடு இணைப்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடன் வாங்கிய அன்று "இது இல்லாமல் கடன் பாஸ் ஆகாது" என்று 62,000 ரூபாய்க்கு ஒரு காப்பீட்டை எங்கள் தலையில் கட்டினார்கள். அப்படி ஒரு கட்டாயம் கிடையாது என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கையில் குழந்தை, வீடு கைநழுவிவிடுமோ என்ற பயம், கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஸ்பிரெட் 3.00 என்ற வரியும் அந்தக் கட்டில்தான் இருந்தது. படிக்க நேரம் கொடுக்கவில்லை.

2025 டிசம்பர் 5 அன்று ரெப்போ 5.25 ஆனது. அடுத்த மாற்றத் தேதியில் எனக்கு 7.50 என்று குறுஞ்செய்தி வந்தது. பழைய ஸ்பிரெட்டில் இருந்திருந்தால் அது 8.25 என்று வந்திருக்கும், நானும் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.