வயிற்றில் அடி, தோளில் வலி

கேள்வி: நான் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. பைக்கில் இருந்து விழுந்த இளைஞர் ஒருவர் இடது தோள் வலிப்பதாகச் சொன்னார். தோள் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆனால் மருத்துவர் உடனே வயிற்றுக்கு ஸ்கேன் எழுதினார், மண்ணீரல் கிழிந்திருந்தது. அடி ஓரிடம், வலி வேறிடம் என்பது எப்படி?

பதில்: இதற்கான விடை மண்ணீரலில் இல்லை, அதற்கு மேலே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானத்தில் இருக்கிறது. கரு உருவாகும் நான்காவது வாரத்தில் உதரவிதானத்தின் நடுப்பகுதிக்கு மூலமான திசு கழுத்துக்கு நேராகத்தான் இருக்கிறது. அங்கே கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் பிரிவுகளில் இருந்து அதற்கு நரம்பு கிடைக்கிறது. பின்னர் இதயமும் நுரையீரலும் வளர வளர உதரவிதானம் கீழே இறங்கினாலும், அந்த நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. இதுவே ஃபிரெனிக் நரம்பு. தோள் நுனியின் தோலுக்கு உணர்வு தரும் நரம்புகளும் கழுத்தின் 3, 4ஆம் பிரிவுகளையே சேர்ந்தவை.

இரண்டு இடங்களின் செய்திகளும் தண்டுவடத்தில் ஒரே நரம்புச் செல்களை வந்தடைந்து, அங்கிருந்து ஒரே பாதையில் மூளைக்குச் செல்கின்றன. தோளில் இருந்து நாள்தோறும் தகவல் பெற்றுப் பழகிய மூளை, உதரவிதானத்தில் இருந்து அரிதாக வரும் வலியையும் தோளின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. உதரவிதானத்தின் ஓரப்பகுதிக்கு இது பொருந்தாது. அதன் உணர்வு கீழ் விலா நரம்புகள் வழியாகச் செல்வதால், அங்கே ஏற்படும் உறுத்தல் விலா ஓரத்திலும் மேல் வயிற்றிலும்தான் வலியாகத் தெரியும்.

இப்போது அந்த இளைஞரிடம் வருவோம். ஹேண்டில்பார் இடது கீழ் விலாவில் இடித்து மண்ணீரல் கிழிந்தால், கசியும் இரத்தம் இடது உதரவிதானத்தின் அடிப்பரப்பில் தேங்கி அதை உறுத்தும். மல்லாந்து படுக்கும்போது இரத்தம் மேல்நோக்கிச் சென்று அங்கே சேர்வதால் தோள் வலி கூடும். எழுந்து உட்கார்ந்தால் பலருக்குக் குறையும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹான்ஸ் கெர் பெயரால் இது கெர் அறிகுறி எனப்படுகிறது. நோயாளியைப் படுக்கவைத்துக் கால் பக்கத்தை உயர்த்தி இதை வரவழைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. ஆனால் இரத்தம் கசிவதாகச் சந்தேகம் உள்ளவரிடம் அதைச் செய்துபார்ப்பதைவிட, "படுத்தால் தோள் வலி கூடுகிறதா?" என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தோளைத் தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். மூட்டில் அடிபட்டவர் கையை உயர்த்தும்போது முகம் சுளிப்பார். அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வலிக்கும். உதரவிதானத்தில் இருந்து வரும் வலியில் கையை எல்லாப் பக்கமும் தடையின்றி அசைக்க முடியும், அழுத்தினாலும் பெரும்பாலும் வலி கூடாது. ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னால்தான் சுருக்கென்று பிடிக்கும். வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால், தோளில் பை மாட்டும்போது வார் படியும் இடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டுவார்கள்.

இந்த வேறுபாடு தெரிந்தவுடன் நாடித்துடிப்பைப் பாருங்கள். இளம் வயதினரின் உடல் இரத்த இழப்பை வெகுநேரம் ஈடுகட்டும் என்பதால், மொத்த இரத்தத்தில் சுமார் 30 விழுக்காடு போகும்வரை இரத்த அழுத்தம் பெரிதாகக் குறையாமல் இருக்கலாம். நாடி அதற்கு முன்பே வேகமெடுக்கும். முதல் ஹீமோகுளோபின் அளவு இயல்பாக இருப்பதைக் கண்டும் நிம்மதி அடைய வேண்டாம், ஏனெனில் இரத்தம் நீர்த்துப்போன பிறகே அந்த எண் இறங்கும். அதேபோல், தோள் வலி இல்லாததால் மண்ணீரல் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. மண்ணீரல் கிழிந்த பலருக்கு இந்த வலி வருவதே இல்லை.

உதரவிதானத்தை உறுத்துவது எதுவானாலும் இதே பாதைதான். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து இரத்தம் கசிந்தாலும் தோள் நுனி வலிக்கும். ஆகவே மாதவிலக்கு தள்ளிப்போன பெண் தலைசுற்றலோடு தோள் வலி என்று வந்தால் கர்ப்பப் பரிசோதனை உடனே செய்யப்பட வேண்டும். பித்தப்பை அழற்சியும், கல்லீரலில் சீழ்க்கட்டியும் வலது தோளில் வலியைக் காட்டலாம். லேப்ராஸ்கோப்பி அறுவைக்குப் பின் பலர் சொல்லும் தோள் வலிக்குப் பெரும்பாலும் வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவின் எச்சமே காரணம். அது வழக்கமாக இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடும். அப்படி அடங்காமல் காய்ச்சலோடு கூடிக்கொண்டே போனால், உதரவிதானத்துக்கு அடியில் சீழ் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.