அனுமதி இல்லாம வந்த பயணிகள் விமானத்தை சுடலாமா?

"சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கை ஆர்ட்டிகிள் 1 படி வான்வெளி முழுசா அந்த நாட்டோடதுதானே, அப்போ அத்துமீறி வந்த விமானத்தை சுடுறது தப்பில்லன்னு அசைன்மென்ட்ல எழுதலாமா?"

எழுதாதீங்க நண்பா. ஆர்ட்டிகிள் 1-ஓட நிறுத்தாம அதே உடன்படிக்கைல பிறகு சேர்த்த ஆர்ட்டிகிள் 3 பிஸ்-ஐயும் படிங்க, பறந்துட்டு இருக்கிற சிவில் விமானம் மேல ஆயுதம் பயன்படுத்தக்கூடாதுன்னு அதுல நேராவே இருக்கு. இறங்கச் சொல்லி உத்தரவு போடலாம், மறிக்கலாம், ஆனா மறிக்கும்போதும் உள்ள இருக்கிறவங்க உயிருக்கு ஆபத்து வரக்கூடாது.

இந்த 3 பிஸ் வந்ததே 1983 செப்டம்பர் 1-ல கொரியன் ஏர் 007-ஐ சோவியத் சுட்டு 269 பேர் செத்த பிறகுதான். ஆட்டோபைலட் ஒரே திசையில பறக்க வைக்கிற ஹெடிங் மோட்லயே இருந்ததால விமானம் ரூட்ட விட்டு விலகிருச்சு, பைலட்டுங்களுக்கு அது தெரியவே இல்ல. சோவியத் ஃபைட்டர் எச்சரிக்கையா பீரங்கி சுட்டுச்சு, ஆனா அது வெளிச்சம் விடுற ட்ரேசர் குண்டு இல்ல, ராத்திரில யாரு கண்ணுக்குத் தெரியும்? 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையிலயும் கூப்பிடல. முறைப்படி மறிக்கிற ஃபைட்டர் இடதுபக்கம் கொஞ்சம் முன்னாடி வந்து இறக்கைய ஆட்டிக் காட்டணும், பயணிகள் விமான பைலட்டும் ஆட்டிட்டு அதைப் பின்தொடர்ந்து போகணும்.

ஒரு விஷயம் விட்றாதீங்க, ஐநா சாசனத்துல உள்ள தற்காப்பு உரிமைய 3 பிஸ் தொடல. 1984 மே-ல ஏத்துக்கிட்டாலும் அது அமலுக்கு வந்தது 1998-லதான்.