வரிசைப்படுத்தினால் லூப் ஏன் வேகமாக ஓடுகிறது?

வணக்கம் சார்,

0 முதல் 99 வரை ரேண்டமாக ஒரு கோடி மதிப்பெண்களை ஒரு அரேயில் போட்டு, அதில் பாஸ் எத்தனை என்று எண்ண ஒரு சின்ன சி புரோகிராம் எழுதினேன்.

```c
for (int i = 0; i < N; i++)
    if (m[i] >= 50) n++;
```

கம்பைலருக்கு எந்த ஆப்ஷனும் கொடுக்கவில்லை. இந்த லூப்புக்கு மட்டும் 50 மில்லிசெகண்ட் ஆகிறது. அதே அரேயை முதலில் சார்ட் பண்ணிவிட்டு ஓட்டினால் 20 தான் (சார்ட் ஆன நேரத்தைச் சேர்க்கவில்லை). எண்ணுகிற வேலை ஒன்றுதானே? நண்பன் கேஷ்தான் காரணம் என்கிறான். ஆபீஸில் ஒருவர், `-O2` போட்டுப் பார், வித்தியாசமே இருக்காது, இதெல்லாம் பிரமை என்கிறார். லேப்டாப் 3 கிகாஹெர்ட்ஸ். யார் சொல்வது சரி?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

இருவர் சொல்வதும் சரியில்லை. ஆனால் இரண்டாமவர் பாதி உண்மையைத் தொட்டிருக்கிறார், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கேஷை ஒதுக்கிவிடலாம். இரண்டு தடவையும் நீங்கள் அரேயைத் தலையிலிருந்து வால் வரை நேராகத்தான் படிக்கிறீர்கள். அடுத்தடுத்த முகவரிகளை முன்கூட்டியே மெமரியிலிருந்து இழுத்து வைக்கும் வேலையைச் செய்கிற ஹார்டுவேருக்கு உள்ளே இருப்பது 12 ஆ 87 ஆ என்பது தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. முகவரிகளின் வரிசை மாறவில்லை என்றால் கேஷ் கணக்கும் மாறாது.

மாறியது `if`. அது அசெம்பிளியில் ஏறக்குறைய இப்படி வரும்:

```
cmp  eax, 49
jle  .L3
add  DWORD PTR [rbp-4], 1
.L3:
```

`eax`-இல் இருக்கும் மதிப்பெண் 49 அல்லது அதற்குக் கீழ் என்றால் `add`-ஐத் தாண்டிக் குதி. மேலே என்றால் ஒன்று கூட்டு. பார்க்க அப்பாவியாக இருக்கிறது. ஆனால் பிராசஸர் ஒரு கட்டளையை எடுத்து, முடித்து, அப்புறம் அடுத்ததை எடுப்பதில்லை. எடுப்பது, பிரித்துப் புரிந்துகொள்வது, தேவையான மதிப்புகளைச் சேகரிப்பது, செய்வது, கணக்கில் ஏற்றுவது என்று வேலையைப் பல கட்டங்களாக உடைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெவ்வேறு கட்டளைகளை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் நகர்த்துகிறது. இதுதான் பைப்லைன். `jle` உள்ளே நுழைவது ஒரு முனையில், குதிக்க வேண்டுமா வேண்டாமா என்பது தெரிவது கிட்டத்தட்ட மறுமுனையில். நடுவில் இன்றைய கோர்களில் பதினைந்து இருபது சைக்கிள் ஓடிவிடும். அதுவரை வாசலில் நிற்கிற பிராசஸர் அடுத்து எந்தக் கட்டளையை உள்ளே விடுவது?

காத்திருக்கலாம். ஆனால் உங்கள் லூப்பில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்துக் கட்டளைதான், அதில் இரண்டு பிராஞ்ச், அதாவது `jle` மாதிரி நிபந்தனை பார்த்துக் குதிக்கும் கட்டளை. ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தால் பைப்லைன் வைத்திருப்பதே வீண். அதனால் அது ஊகிக்கிறது. தினமும் வருகிற ஆள் உட்கார்ந்ததும் சர்வர் கேட்காமலேயே காபியைக் கொண்டுவந்து வைப்பதைப் போல, இந்த இடத்தில் போன தடவைகள் என்ன நடந்தது என்று பார்த்து அந்தப் பக்கத்துக் கட்டளைகளை எடுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஊகம் சரி என்றால் ஒரு சைக்கிள்கூட நஷ்டமில்லை. தப்பு என்றால் அந்த `jle`-க்குப் பின்னால் உள்ளே வந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, சரியான முகவரியிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். உள்ளே வந்த எல்லாவற்றையும் என்று சொல்வதைக் கவனியுங்கள். ஒரு மதிப்பெண்ணின் விடை தெரிவதற்குள் அடுத்து வரும் ஐந்தாறு மதிப்பெண்களின் வேலை பாதி ஓடியிருக்கும். அவற்றில் ஊகம் சரியாக இருந்தவையும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். இறுதிக் கணக்கில் எதுவும் ஏறியிருக்காது என்பதால் விடை தப்பாகாது, போவது நேரம் மட்டும்தான். (தூக்கிப்போட்ட வேலையும் கேஷில் தடம் விட்டுவைக்கும் என்பதுதான் 2018-இல் ஸ்பெக்டர் என்ற பெயரில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை. அது தனிக் கதை.)

இப்போது உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ரேண்டம் அரேயில் பாஸும் ஃபெயிலும் பாதிக்குப் பாதி. எப்பேர்ப்பட்ட ஊகமும் பாதி தப்பத்தான் செய்யும், அதாவது 50 லட்சம் தப்பு. நீங்கள் அளந்த வித்தியாசம் 30 மில்லிசெகண்ட், 3 கிகாஹெர்ட்ஸில் அது 9 கோடி சைக்கிள். வகுத்தால் ஒரு தப்புக்கு 18 சைக்கிள். மேலே சொன்ன பைப்லைன் நீளத்தோடு அழகாகப் பொருந்துகிறது. சார்ட் பண்ணிய அரேயில் முதல் பாதி முழுக்க ஃபெயில், இரண்டாம் பாதி முழுக்க பாஸ். தப்பு நடப்பது நடுவில் மாறும் அந்த ஓரிடத்தில் மட்டும். பைப்லைன் நீள நீள இந்த அபராதமும் கூடும். இன்டெல் 2004-இல் பென்டியம் 4-ஐ 31 கட்டங்கள் வரை கொண்டுபோனது, பிறகு 2006-இல் வந்த கோர் 2-வில் 14-க்கு இறங்கிவிட்டது.

ஊகிக்கிற பகுதி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயம் வரிசையில் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். 1981-இல் ஜேம்ஸ் ஸ்மித் ஒரு கட்டுரையில் விவரித்த பழைய முறையில் ஒவ்வொரு பிராஞ்சுக்கும் 0 முதல் 3 வரை போகும் ஒரு கவுன்டர். குதித்தால் ஒன்று ஏறும், குதிக்காவிட்டால் ஒன்று இறங்கும், 2 அல்லது 3 இருந்தால் "குதிக்கும்" என்று ஊகம். ஒரு தடவை மாறி நடந்தால் உடனே மனசு மாறாது, அதுதான் இதன் கெட்டிக்காரத்தனம். உங்கள் சார்ட் ஆன அரேக்கு இதுவே போதும், நடு எல்லையில் இரண்டு தப்பு, அவ்வளவுதான்.

இதற்கு ஃபெயில், பாஸ், ஃபெயில், பாஸ் என்று மாறிமாறி வரும் ஒரு அரேயைக் கொடுங்கள். கவுன்டர் 1-இல் இருக்கிறது, "குதிக்காது" என்கிறது. ஃபெயில் வருகிறது, குதிக்கிறது. தப்பு, கவுன்டர் 2. இப்போது "குதிக்கும்" என்கிறது. பாஸ் வருகிறது. மறுபடி தப்பு, கவுன்டர் 1. ஒரு கோடி தடவையும் தப்பு! காசைச் சுண்டிப் பார்த்திருந்தால்கூடப் பாதியாவது தேறியிருக்கும். இதைத் தீர்க்கத்தான் 1991-இல் யே, பாட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு அடுக்கைச் சேர்த்தார்கள். கடைசிச் சில முடிவுகளை ஒரு கோலமாக நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கோலத்துக்கும் தனிக் கவுன்டர். "குதித்தது, குதிக்கவில்லை, குதித்தது" என்ற கோலத்துக்குப் பின் என்ன வரும் என்பதை அது சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடும். இன்றைய பிராசஸர்கள் இதே வழியில் வெகுதூரம் போய், நூற்றுக்கணக்கான பழைய முடிவுகளைப் பார்த்து ஊகிக்கின்றன.

அதனால் மாறிமாறி வரும் அரேயை உங்கள் லேப்டாப்பில் ஓட்டினால், அது சார்ட் ஆகவே இல்லை, ஆனாலும் 20 மில்லிசெகண்ட் பக்கம்தான் வரும். பிராசஸருக்கு வேண்டியது வரிசை இல்லை, பிடிபடக்கூடிய ஒரு கோலம்.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நானே விழுந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இதே மாதிரி ஒரு `if` செலவு வைக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார்கள். ஆயிரம் ரேண்டம் எண்களை எடுத்து, லூப்பை லட்சம் தடவை சுற்றவிட்டு, சார்ட் பண்ணினாலும் பண்ணாவிட்டாலும் ஒரே நேரம், `if`-ஆல் ஒன்றும் பாதகமில்லை என்று தெனாவட்டாக ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டேன். நிஜ டேட்டாவில் அது படு மோசமாக ஓடியது. ஆயிரம் எண்களையே திரும்பத் திரும்பக் கொடுத்ததில், அந்த ஆயிரம் முடிவுகளின் வரிசையை ஊகிக்கிற பகுதி மனப்பாடம் செய்துவிட்டிருந்தது. ரேண்டமாக இருந்தாலும் அதே ரேண்டம்தானே திரும்ப வருகிறது. உங்கள் ஒரு கோடியை அது மனப்பாடம் செய்ய முடியாது, அந்த விதத்தில் உங்கள் சோதனை என்னுடையதைவிட ஒழுங்கு.

சந்தேகம் தீர லினக்ஸில் எண்ணியே பார்த்துவிடலாம்:

```
perf stat -e branches,branch-misses ./marks
```

இங்கேயும் இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். ரேண்டம் அரேக்கு 50 சதவீதம் தப்பு வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், வருவது 25-ஐ ஒட்டி, அல்லது அதற்கும் கீழே. ஏனென்றால் லூப் முடிந்ததா என்று பார்க்கும் பிராஞ்சும் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணப்படுகிறது, அது கிட்டத்தட்டத் தப்பவே தப்பாது. அரேயை நிரப்பும் வேலையின் பிராஞ்சுகளும் கூடவே சேரும். இன்னொன்று, சார்ட் பண்ணும் புரோகிராமில் தப்புகள் குறையாமல் பல மடங்கு அதிகமாகத் தெரியும். சார்ட் வேலை முழுக்க ஒப்பிடுவதுதான், ஊகிக்க முடியாத `if` அங்கே குவிந்து கிடக்கிறது, அதன் தப்புகள் உங்கள் லூப்பின் தப்புகளை மூழ்கடித்துவிடும். எண்ணும் லூப்பை நூறு தடவை ஓட்டினால் உண்மை மேலே வரும். (லூப்பை வேகப்படுத்துவதற்காகச் சார்ட் பண்ணலாமே என்று நினைத்திருந்தால், அதற்கும் பதில் இதுவே. 30 மில்லிசெகண்டை மிச்சம் பிடிக்க அதைப்போலப் பல மடங்கு செலவு.)

சரி, `-O2`. உங்கள் ஆபீஸ்காரர் பார்த்தது உண்மை, சொன்ன காரணம் தப்பு. `-O2` கொடுத்ததும் கம்பைலர் அந்த `jle`-ஐயே தூக்கிவிடுகிறது. நீங்கள் இப்படி எழுதியது போல எடுத்துக்கொள்கிறது:

```c
n += (m[i] >= 50);
```

ஒப்பீட்டின் விடை 0 அல்லது 1, அதை அப்படியே கூட்டிவிட்டால் குதிக்க வேண்டிய பேச்சே இல்லை. ஊகம் இல்லை, அதனால் தப்பும் இல்லை. ஆனால் இதை எப்போதும் நம்ப முடியாது. `if`-க்குள் ஒரு ஃபங்ஷன் கால் இருந்தாலோ, நிபந்தனை பொருந்தினால் மட்டும் மெமரியில் ஓரிடத்தில் எழுத வேண்டும் என்று இருந்தாலோ கம்பைலர் பெரும்பாலும் பிராஞ்சை அப்படியே விட்டுவிடும். எல்லா `if`-ஐயும் நாமே இப்படி மாற்றி எழுதுவதும் புத்திசாலித்தனம் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை ஒரே பக்கம் போகும் பிராஞ்ச் ஏறக்குறைய இலவசம். அதோடு ஊகிப்பதால் விடை தெரியும் முன்பே அடுத்த வேலை ஓட ஆரம்பிக்கிறது, பிராஞ்சைத் தூக்கிவிட்டால் அடுத்த வேலை அந்த விடைக்காகக் காத்திருக்க நேரலாம். தப்பு உண்மையிலேயே அதிகமா என்று `perf`-இல் பார்த்துவிட்டுக் கைவைப்பதே என் வழக்கம்.

உங்கள் புரோகிராமில் இன்னும் ஒன்று செய்து பாருங்கள். `-O2` இல்லாமல், அதே ரேண்டம் அரேயில், 50-க்குப் பதில் 90 போடுங்கள். பத்தில் ஒருவர்தான் பாஸ், எப்போதும் "ஃபெயில்" என்றே ஊகித்தாலும் தப்பு 10 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும். தப்புக்கு 18 சைக்கிள் என்றால் 1.8 கோடி சைக்கிள், அதாவது 6 மில்லிசெகண்ட். மொத்தம் 26-க்குப் பக்கத்தில் வர வேண்டும். ரொம்பத் தள்ளி வந்தால் உங்கள் பிராசஸர் மாடலையும் `perf` காட்டியதையும் சேர்த்து எழுதுங்கள்.