தகுதியுரை கேள்வி-பதில்: நாற்பது சதவீதம், எதில்?

விருது விழாக்கள் நெருங்குவதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. விருதுக்குரியவர் தன் பணிவரலாற்றை ஸ்லைடுகளாக அனுப்பிவிடுகிறார்; அதிலிருந்து, விருது ஏன் தரப்படுகிறது என்று மேடையில் படிக்கும் தகுதியுரையை எழுதும் பொறுப்பு சங்கத்துச் செயலாளர் தலையில் விழுகிறது. கிடைத்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

42 ஸ்லைடுகள் வந்திருக்கின்றன. எத்தனை சாதனைகளைச் சேர்க்கலாம்? (முதலியார்பேட்டை, புதுச்சேரி)

ஒன்று. மிஞ்சினால் இரண்டு. உங்கள் விருது எதற்காகத் தரப்படுகிறதோ, எந்த ஆண்டுகளுக்காகத் தரப்படுகிறதோ, அதற்குள் வரும் ஸ்லைடுகளை மட்டும் தனியே எடுங்கள். நாற்பதும் ஐந்தாறாகிவிடும். அவரே எடுத்த ஒரு முடிவு தெரிகிற ஸ்லைடு அவற்றில் எது என்று பாருங்கள். இன்னொன்று: பி.டி.எஃப். கோப்பாக வந்திருந்தால் பவர்பாயிண்ட் கோப்பையே கேட்டு வாங்குங்கள். ஸ்லைடுக்குக் கீழே பேசுவதற்காக எழுதி வைத்த குறிப்புகள் அதில் இருக்கும். ஸ்லைடில் இல்லாத ஆண்டும் இடமும் காரணமும் பல நேரம் அங்கேதான் கிடைக்கின்றன.

மேடையில் படிக்க எத்தனை சொற்கள்? (பண்ருட்டி)

தொண்ணூறு. நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடம் ஆகும். கேடயத்தில் பொறிக்க அதில் பாதிகூட வேண்டாம். எண்களை எழுத்தால் எழுதிக் கொடுங்கள். படிப்பவர் மேடையில் தடுமாற மாட்டார்.

எங்கள் சங்கம் ஒரு குடிநீர்ப் பொறியாளருக்கு விருது தருகிறது. அவருடைய ஸ்லைடில் 'நீரிழப்பு 40% குறைப்பு' என்று இருக்கிறது, அருகில் வரைபடமும் இருக்கிறது. 'நாற்பது சதவீத நீரைச் சேமித்தவர்' என்று எழுதிவிட்டேன். சரிதானே? (மஞ்சக்குப்பம், கடலூர்)

சரியில்லை. இருபது ஆண்டுகளாக நான் சொல்லிவருவது இதைத்தான், எனவே சற்று நீளமாகவே சொல்கிறேன்.

நாற்பது சதவீதம், எதில்? இழப்பு நூற்றுக்குப் பத்து லிட்டரிலிருந்து ஆறாகக் குறைந்தாலும் நாற்பது சதவீதம்தான். ஐம்பதிலிருந்து முப்பதாகக் குறைந்தாலும் நாற்பது சதவீதம்தான். முன்னதில் நூறு லிட்டருக்கு நான்கு லிட்டர் மிஞ்சியது, பின்னதில் இருபது. நீங்கள் எழுதிய வாக்கியமோ நூறு லிட்டருக்கு நாற்பது லிட்டர் மிஞ்சியதாகச் சொல்கிறது. அப்படி அவர் எங்கும் சொல்லவில்லை. அவர் சொல்லாத பெருமையை உங்கள் சங்கம் அவருக்குச் சூட்டுகிறது. அதைத் தெரிந்த ஒருவர் அரங்கில் இருந்தால் தலைகுனிவு விருது வாங்குபவருக்குத்தான்.

வரைபடத்தையும் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் இடப்பக்க அளவு இருபதில் தொடங்குகிறது. அதனால்தான் இரண்டாவது தூண் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. தூண்களின் உயரத்தை நம்பாமல் அவற்றின் மேலுள்ள எண்களைப் படித்தால் முப்பத்தைந்து என்றும் இருபத்தொன்று என்றும் இருக்கிறது. அதாவது நூறு லிட்டரில் முப்பத்தைந்து போய்க்கொண்டிருந்தது, பிறகு இருபத்தொன்று போனது. பதினான்கு லிட்டர் மிஞ்சியது. பதினான்கு என்பது முப்பத்தைந்தில் நாற்பது சதவீதம். அவருடைய கணக்கு சரி, உங்கள் வாக்கியம் தவறு.

அடுத்த கேள்வி, எதன் இழப்பு என்பது. ஸ்லைடில் சிறிய எழுத்தில் 'கணக்கில் வராத நீர்' என்று இருக்கிறது. அது குழாய்க் கசிவை மட்டும் குறிப்பதில்லை. திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், அளக்காமலும் கட்டணம் போடாமலும் கொடுத்த நீர் எல்லாம் அதில் அடங்கும். பழைய மீட்டர்களை மாற்றினாலே இந்த எண் குறையும். அப்போது தரைக்குள் ஒரு சொட்டுக் கசிவும் நின்றிருக்காது. ஆகவே 'கசிவை அடைத்தவர்' என்றும் ஸ்லைடை வைத்து எழுத முடியாது. எப்படி அளந்தீர்கள் என்று அவரிடம் பேசித்தான் எழுத வேண்டும்.

என் வற்புறுத்தலின் பேரில், கடிதம் எழுதியவர் பொறியாளரிடம் பேசினார். விஷயம் அங்கேதான் இருந்தது. கசிவை அளக்க நள்ளிரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை குழாயில் ஓடும் நீரைப் பார்ப்பார்கள். ஊர் உறங்கும்போது ஓடுவதில் பெரும்பகுதி கசிவுதான். ஆனால் நம் ஊர்களில் குடிநீர் நாளுக்குச் சில மணி நேரம்தான் விடப்படுகிறது. இரவில் குழாயே காலி. காலிக் குழாயில் எதை அளப்பது? இந்தப் பொறியாளர் நகரத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, சோதனை இரவுகளில் மட்டும் ஒரு பகுதிக்குத் தனியாக விடிய விடிய அழுத்தத்தோடு நீர் விட்டிருக்கிறார். வீட்டுத் தொட்டிகள் அந்த நேரத்தில் நிரம்பினால் கணக்கு கெடும் என்பதால், தெருத்தெருவாகச் சொல்லித் தொட்டிக் குழாய்களை மூட வைத்திருக்கிறார். பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்து, எந்தத் தெருவை அடைத்தபோது மீட்டரின் ஓட்டம் சட்டென்று குறைகிறது என்று பார்த்து, அந்தத் தெருவில் தரையில் கம்பியை ஊன்றிக் காது வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவும் ஸ்லைடில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. அவரைப் பொறுத்தவரை அது அன்றாட வேலை, சதவீதம்தான் சாதனை.

இப்போது இப்படி எழுதலாம்:

"நகரத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு நூறு லிட்டர் குடிநீரிலும் முப்பத்தைந்து லிட்டர் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. அப்போது உதவி செயற்பொறியாளராக இருந்த இவர், நகரத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, நள்ளிரவில் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக நீர் விட்டு அளப்பது என்று முடிவு செய்தார். குழாய்ப் பணியாளர்களோடு இரவுகளில் தெருவில் நின்று கசிவுகளைக் கண்டறிந்தார். ஒன்றரை ஆண்டில் அந்த முப்பத்தைந்து லிட்டர் இருபத்தொன்றாகக் குறைந்தது."

ஐம்பது சொற்களுக்குள் முடிந்துவிட்டது. சதவீதம் என்ற சொல்லே இல்லை, கேட்பவருக்குக் கணக்கு புரிகிறது. கடைசி வாக்கியத்தில் 'குறைத்தார்' என்று எழுதாமல் 'குறைந்தது' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அதே காலத்தில் வேறொரு திட்டத்தில் சில மீட்டர்களும் மாற்றப்பட்டன என்று அவரே சொன்னார். அவர் செய்ததை அவர் பெயரில் எழுதினோம். விளைவை விளைவாக எழுதினோம். சதவீதம் மட்டும் தெரிந்து, தொடக்க எண் எங்கேயும் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள். செயல் மட்டுமே போதும்.

'60 பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கினார்' என்பதை எப்படி மெருகேற்றுவது? (நெய்வேலி)

மெருகு எதற்கு? அறுபது பேர் இருந்தார்கள் என்பது அலுவலக அமைப்பைப் பற்றிய செய்தி, அவரைப் பற்றியது அல்ல. அவர் இல்லாதிருந்தால் அந்தக் குழு எதைச் செய்திருக்காது என்று கேளுங்கள். பதில் வந்தால் அதுதான் உங்கள் வினைச்சொல்: வடிவமைத்தார், நிறுத்தினார், மாற்றினார், மறுத்தார். பதில் வராவிட்டால் அந்த ஸ்லைடை விட்டுவிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு தகுதியுரையில் ஓர் இயந்திரத்தை 'சீரமைத்தார்' என்று ஓர் அதிகாரியைப் பற்றி எழுதினேன். ஸ்லைடில் அப்படித்தான் இருந்தது. அதைச் சீரமைத்த ஃபிட்டர் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, சாமான் வாங்க அனுமதி கொடுத்தது அவர்தான், அதை எழுதியிருக்கலாமே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதற்குப் பிறகு யாரிடமும் பேசாமல் நான் ஒரு தகுதியுரையும் எழுதியதில்லை. நீங்களும் விருதுக்குரியவரோடு மட்டும் நிறுத்தாமல், அவரோடு வேலை பார்த்த ஒருவரிடமும் பேசிவிட்டு எழுதுங்கள்.

நாளை விழா. 30 ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன். எழுதித் தரவும். (சிதம்பரம்)

என்ன விருது என்றே நீங்கள் எழுதவில்லை. எதற்காகத் தருகிறீர்கள் என்று தெரியாமல் எதை எழுதுவது? நாளைக்கு ஒரே வழிதான்: பெயர், பதவி, விருதின் பெயர் மூன்றையும் படித்துக் கேடயத்தைக் கொடுத்துவிடுங்கள். தவறான தகுதியுரையைவிட அது மரியாதையானது.

'தானே புயல் மீட்புப்பணி, 2012' என்று ஸ்லைடில் இருக்கிறது. அப்படியே போடலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

தானே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடந்தது. முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த காலையை உங்கள் அரங்கில் பாதிப் பேர் கண்ணால் பார்த்தவர்கள். மீட்புப்பணி அடுத்த ஆண்டிலும் நடந்திருக்கும் என்பதால் ஸ்லைடு தவறென்று சொல்ல முடியாது. 'தானே புயலுக்குப் பிந்தைய மாதங்களில்' என்று எழுதினால் புயலின் ஆண்டும் பிசகாது, பணியின் காலமும் பிசகாது. எந்தக் கிராமங்கள் என்பதையும் அவரிடம் பேசிக் கேட்டுச் சேர்த்துவிடுங்கள். ஊர்ப்பெயர் கேட்டதும் அரங்கு நிமிர்ந்து உட்காரும்.

'தாங்கள்' என்று எழுதுவதா, 'இவர்' என்று எழுதுவதா? (வில்லியனூர், புதுச்சேரி)

அவரை நோக்கிப் பாடுவது வாழ்த்துமடல், அங்கே 'தாங்கள்'. அவையை நோக்கிக் காரணம் சொல்வது தகுதியுரை, இங்கே 'இவர்'. இரண்டையும் கலக்காதீர்கள். 'செம்மல்', 'திலகம்' எல்லாம் வாழ்த்துமடலுக்குப் போகட்டும்.

எந்தப் பதவியை எழுதுவது? ஸ்லைடுகளில் ஆறு பதவிகள் இருக்கின்றன. (நெல்லிக்குப்பம்)

பெயருக்கு முன்னால் இன்றைய பதவி. சாதனையைச் சொல்லும் வாக்கியத்தில் அன்றைய பதவி. இன்று மேற்பார்வைப் பொறியாளர் என்பதற்காக, உதவிப் பொறியாளராக இருந்தபோது செய்ததை மேற்பார்வைப் பொறியாளர் செய்ததாக எழுதினால் அந்தச் செயலின் அருமையே போய்விடும்.

எழுதியதை விருதுக்குரியவரிடம் காட்டலாமா? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

காட்ட வேண்டும். பெயர், ஆண்டு, எண், இடம் ஆகியவற்றை மட்டும் சரிபார்த்து இரண்டு நாளில் திருப்பித் தரும்படி கேளுங்கள். புகழ்ச்சியைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எதையாவது எடுக்கச் சொன்னால் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள். வேலை தேடும்போது காட்டுவதற்காக அவர் தயாரித்த ஸ்லைடுகளில், வெளியே சொல்லக்கூடாத அலுவலகச் செய்திகளும் இருக்கலாம்.

ஸ்லைடில் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. முன்னெழுத்து 'எஸ்' என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது? (குறிஞ்சிப்பாடி)

ச., சி., சு., செ., எது வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ நீங்கள் ஊகிக்கக்கூடாது. தொலைபேசியில் கேளுங்கள், கேடயம் பொறிக்கக் கொடுப்பதற்கு முன்னால்.