விதை கம்பெனி விற்பனை வேலை: சேரும் முன் டார்கெட்டை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கேளுங்கள்

வேளாண்மை படித்த மகளுக்கு விதை கம்பெனியில் களப் பணி கிடைத்திருக்கிறது, ஆனால் அவள் அதிகம் பேச மாட்டாளே, விவசாயியிடம் எப்படி விற்பாள் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். விவசாயியிடம் நேராக விற்பவர் டீலர்தான். உங்கள் மகளுக்கு உண்மையில் தலைவலி தரக்கூடியது டீலர் கடையில் தேங்கும் சரக்கும், அதற்கு வராத பணமும்.

ஒரு மக்காச்சோள விதையை எடுத்துக்கொள்வோம். விதைப்புக் காலம் மூன்று, நான்கு வாரத்தில் முடிந்துவிடும். கம்பெனி டீலருக்கு 90 நாள் கடனில் சரக்கு தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டீலர் அதை விவசாயிக்குக் கடனாகக் கொடுக்கிறார், விவசாயி அறுவடை முடிந்து, விற்றுக் காசான பிறகுதான் கொடுப்பார், அதற்கு 120 நாளாவது ஆகும். நடுவில் இருக்கும் அந்த ஒரு மாதம் டீலரின் சொந்தப் பணம். அதனால்தான் டீலர் சரக்கின் தரத்தை மட்டும் பார்க்காமல், எந்தக் கம்பெனி எத்தனை நாள் பொறுக்கும், விற்காததைத் திருப்பி எடுக்குமா என்றும் பார்க்கிறார். அதில் தப்பும் இல்லை.

இப்போது மாதக் கடைசி. டீலருக்குப் போனது 400 மூட்டை. மேலாளர் இன்னும் 300 மூட்டை இறக்கச் சொல்கிறார். உங்கள் மகள் செய்ய வேண்டியது, குடோனுக்குள் போய் மிச்சத்தை எண்ணுவது. 180 இருக்கிறது என்றால், விவசாயி கைக்குப் போனது 220 மட்டும்தான். விதைப்பு இன்னும் பத்து நாளில் முடிகிறது என்றால் அந்த 300 அப்படியே திரும்பி வரும், திருப்பிய சரக்கின் தொகையைக் கணக்கில் கழித்துக் கம்பெனி தரும் கிரெடிட் நோட் வராதவரை டீலர் பழைய பில்லையும் சேர்த்து நிறுத்தி வைப்பார், அந்த நிலுவை அவள் பெயருக்கு நேரே நிற்கும். டீலர் பில்லில் ஏறியது விற்பனை ஆகாது. நிறைய பிள்ளைகள் முதல் வருடத்திலேயே வேலையை விடுவது இதனால்தான், பேசத் தெரியாமல் இல்லை.

சரக்கு தானாக நகர வேண்டுமென்றால் டெமோ வயல் வேண்டும், அதற்கு வாய்ச்சாமர்த்தியத்தைவிடப் பொறுமைதான் முக்கியம். ஒரே விவசாயி, ஒரே வயல், பாதியில் அவர் வழக்கமாகப் போடும் விதை, பாதியில் நம்முடையது. ஒரே நாளில் விதைப்பு, ஒரே உரம், ஒரே தண்ணீர். நம் பாதிக்கு மட்டும் இலவசமாக ஒரு கூடுதல் உரம் போட்டால் அடுத்த வயல்காரர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

அறுவடையில் வரப்போரத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுக்க வேண்டும், ஒரே இடத்தோடு நிறுத்தாமல் மூன்று இடத்தில். சராசரியாக நம் பக்கம் 20 கிலோ மணி, அவர் விதையில் 18.6 கிலோ என்று வருகிறது, உடனே கைதட்டல்! ஆனால் நம் ரகம் முற்ற அதிக நாள் எடுப்பது, அதனால் அறுவடையில் மணியின் ஈரப்பதம் 22 சதவீதம், அவருடையது 16. இரண்டையும் 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் (20 × 78 ÷ 86, அப்புறம் 18.6 × 84 ÷ 86) இரண்டு பக்கமும் 18.1 கிலோ சொச்சம். வித்தியாசமே இல்லை. ஈரமானி கையில் இல்லாமல் வயல்விழா நடத்தி, நம்முடையதுதான் கூடுதல் என்று அறிவித்துவிட்டால், அந்த விவசாயி காயவைத்து எடை போடும் நாளில் உண்மை தெரிந்துவிடும், அவர் நேராகப் போய்ச் சண்டை போடுவது டீலர் கடையில்தான். அதற்கு அப்புறம் அந்த டீலர் உங்கள் மகளின் சரக்கைப் பின் அலமாரிக்குத் தள்ளிவிடுவார். மகசூல் சமம்தான், ஆனால் காற்றுக்குச் சாயவில்லை என்றால் அதை மட்டும் சொல்லலாம், அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது.

நேர்காணலில் மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். டார்கெட் டீலருக்கு அனுப்பியதை வைத்தா, ரிட்டர்ன் கழித்து வசூலான பணத்தை வைத்தா? விற்காத விதையை எந்தத் தேதிவரை திருப்பி எடுப்பீர்கள், எழுத்தில் தருவீர்களா? டீலர் பணம் கட்டாவிட்டால் என் சம்பளத்தில் பிடிப்பீர்களா? முதல் கேள்விக்கே மழுப்பினால் வேறு கம்பெனி பாருங்கள். சேர்ந்துவிட்டால், டீலரிடம் ரொக்கம் கையில் வாங்கவே கூடாது, கம்பெனிக் கணக்கில் நேராகக் கட்டட்டும். "பாத்துக்கலாம் அண்ணே, மிச்சமானா நான் எடுத்துக்கறேன்" என்று வாயால் ஒரு வார்த்தையும் விடக் கூடாது, டீலர் அதைத் தேதியோடு ஞாபகம் வைத்திருப்பார்.