கணக்குத் தலைப்புகளுக்கு எண் போடுவது: கேள்வி பதில்

சிங்கப்பூர் தேக்காவில் இட்லிக் கடை தொடங்குபவர்: அக்கா, கணக்கு எழுதும் சாஃப்ட்வேரை வாங்கியதும் வரவு செலவைப் பிரித்து எழுத 80 தலைப்புக்கு மேல் தானாக வந்து நிற்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் கடைக்கு 35 தலைப்பு தாராளம். நாலு இலக்க எண்ணாகப் போடுங்கள். 1000 சொத்து, 2000 கடன், 3000 மூலதனம், 4000 விற்பனை, 5000 சரக்கும் சமையலும், 6000 மற்ற செலவுகள். உள்ளே பத்துப் பத்தாக இடம் விட்டுப் போங்கள். 6110 சம்பளம், 6120 சிபிஎஃப் முதலாளி பங்கு. நாளைக்கு வெளிநாட்டு ஊழியர் வந்தால் லெவிக்கு 6130 காலியாக இருக்கும். 6111, 6112 என்று நெருக்கிப் போட்டவர்கள், லெவி வந்ததும் அதைக் கொண்டுபோய் வாடகைக்குக் கீழே வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஈசூன் மினிமார்ட்: நான் 1, 2, 3 என்றுதான் போட்டேன். சாஃப்ட்வேர் வகை பார்த்துப் பிரித்துக்கொள்கிறதே?

பாதி சரி அண்ணே. சொத்தா செலவா என்பதை வகைதான் முடிவு செய்கிறது. ஆனால் பல சாஃப்ட்வேர்களில் ஒரே வகைக்குள் வரிசை எண்படிதான் வரும். முதல் மாதம் மின்சாரம் 14, எட்டாம் மாதம் எரிவாயு 52 என்றால், அறிக்கையில் இரண்டுக்கும் நடுவே பத்துச் செலவு உட்கார்ந்திருக்கும். வேண்டாத தலைப்பை மூடினால் அந்த எண்ணை வேறு செலவுக்குக் கொடுக்காதீர்கள். பழைய ஆண்டின் கணக்கும் புதுப் பெயரில் தெரியும்.

செங்காங் தையல் கடை: எனக்கு இரண்டு கணக்கு இருக்கிறது, என் சேமிப்பு ஒன்று, கம்பெனிப் பெயரில் ஒன்று. மூன்றாவது திறக்கணுமா?

நீங்கள் வங்கிக் கணக்கைச் சொல்கிறீர்கள் அக்கா, இங்கே பேச்சு வேறு. இருந்தாலும் கேட்டது நல்லதுதான். கம்பெனிக் கணக்குக்கு 1010 என்று ஓர் எண் உண்டு. உங்கள் சேமிப்பு பட்டியலிலேயே வராது. அதிலிருந்து துணி வாங்கினால் ஒரு பக்கம் சரக்கு, மறு பக்கம் 2510 ‘உரிமையாளருக்குத் தரவேண்டியது’.

இட்லிக் கடைத் தம்பி மறுபடியும்: டெலிவரி ஆப் பணம் வாராவாரம் பேங்க்கில் விழுகிறது. அதை விற்பனை என்று எழுதினால் போதாதா?

இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஒரு ஆர்டர் 30 வெள்ளி, கமிஷன் 9 வெள்ளி என்று வையுங்கள். பேங்க்கில் விழுவது 21. ஆனால் நீங்கள் விற்றது 30. இதற்கு மூன்று தலைப்பு வேண்டும். 4020 டெலிவரி விற்பனையில் 30, 6310 கமிஷனில் 9, மீதி 21 வெள்ளி 1150 ‘ஆப்பிடம் வரவேண்டியது’. பணம் விழுந்ததும் 1150 பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கோ ரீஃபண்ட் போயிருக்கிறது, அல்லது விளம்பரக் காசைச் சொல்லாமல் பிடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வரிக்குரிய விற்பனை ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டும். கல்லாவில் 7,00,000, ஆப்பில் 3,50,000 விற்ற கடை, பேங்க்கில் விழுந்ததை மட்டும் எழுதினால் 9,45,000 என்றுதான் தெரியும், தாண்டவில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். உண்மையில் 10,50,000. தாமதமாகப் பதிந்தால், பதிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வரி கேட்பார்கள். வாடிக்கையாளரிடம் வாங்காத 9 சதவீதம் அப்போது உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஜூரோங் ஏர்கான் சர்வீஸ்: நான் ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு தலைப்பு வைத்திருக்கிறேன், 40 வந்துவிட்டது. அப்புறம் வேன், கார் பெட்ரோல் எல்லாம் ஒரே இடத்தில். சரியா?

இரண்டையும் மாற்றி வைத்திருக்கிறீர்கள். சப்ளையர் பெயர் பில்லிலேயே இருக்கும், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சாஃப்ட்வேர் தனியாகக் காட்டும். தலைப்பு ஒன்றே போதும், 2010 ‘சப்ளையர்களுக்குத் தரவேண்டியது’. வாகனத்தைத்தான் பிரிக்க வேண்டும். எஸ் எழுத்தில் தொடங்கும் சாதாரண காரின் பெட்ரோல், பார்க்கிங், ரிப்பேர் எதையும், தொழிலுக்கே ஓட்டினாலும், வருமான வரியில் கழிக்க முடியாது. வேன் செலவைக் கழிக்கலாம். 6410 வேன், 6420 கார் என்று இருந்தால் ஆண்டு முடிவில் 6420ஐ அப்படியே லாபத்தோடு திரும்பக் கூட்டிவிடலாம். இல்லாவிட்டால் பன்னிரண்டு மாத ரசீதையும் கொட்டிப் பிரிக்க வேண்டியதுதான்.

இட்லிக் கடைத் தம்பி கடைசியாக: சமையல்காரர் சம்பளம் 5000இலா, 6000இலா? என் ஆடிட்டர் 6000 என்கிறார்.

நான் 5000இல் வைப்பேன். ஒரு இட்லியில் என்ன மிச்சம் என்று அப்போதுதான் தெரியும். உங்கள் ஆடிட்டர் சொல்வதும் தப்பில்லை, சமையல்காரரே கல்லாவிலும் நிற்கிற சின்னக் கடையில் எப்படிப் பிரிப்பது? நடு ஆண்டில் மட்டும் இடம் மாற்றாதீர்கள்.