மகனின் கால் விரலில் மணல் தெள்ளு

“கென்யாவின் கிலிஃபி பக்கம் குடியிருக்கிறோம். 6 வயது மகனுக்குக் கால் கட்டைவிரல் நகத்தையொட்டி பட்டாணி அளவில் வெள்ளையாக வீங்கி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. அரிப்பில் தூங்கமாட்டேன் என்கிறான். வீட்டு வேலைக்கு வரும் அம்மா ‘ஃபுன்சா’ என்று சொல்லி ஊசியை எடுத்துவிட்டார். எடுக்க விடலாமா? இனி வராமல் என்ன செய்வது?”

அந்த அம்மா சொன்னது சரிதான். ஆனால் ஊசியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

இது மணல் தெள்ளு. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள பெண் தெள்ளு, தோலுக்குள் தலையை நுழைத்துப் புதைந்துகொண்டு, ஒன்றிரண்டு வாரங்களில் முட்டைகளால் ஊதிப்போகும். நீங்கள் பார்க்கும் கறுப்புப் புள்ளி அதன் வால் நுனி. அது மூச்சு விடுவதும் முட்டை போடுவதும் அந்தத் துளை வழியாகத்தான். சில வாரங்களில் அது தானே செத்துவிடும். ஆனால் அதற்குள் புண் சீழ் பிடிக்கலாம்.

வீட்டு ஊசியால் தோண்டினால் தெள்ளு உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும், புண்ணும் பெரிதாகும். ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. வரைக்கும் பரவ வழியுண்டு. குழந்தை வலியில் காலை உதறும்போது நிதானமாக எடுக்கவும் முடியாது.

டைமெதிகோன் என்ற, நீர்த்த சிலிகான் எண்ணெய் இருக்கிறது. பேன் மருந்தாகவும் விற்கிறார்கள். மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்கிறபடி அந்தப் புள்ளியின் மேல் சொட்டுங்கள். துளை அடைபட்டு தெள்ளு உள்ளேயே செத்துப்போகும், தோண்ட வேண்டியதில்லை. செத்தது பழுப்பாகிக் காய்ந்து, தோலோடு உதிரும். டெட்டனஸ் தடுப்பூசி விடாமல் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், வராமல் தடுப்பது. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். செருப்பு போட்டால் போதும் என்று நினைப்பார்கள். தெள்ளுக்குப் பெரிதாகத் தாவத் தெரியாது, அதனால்தான் பெரும்பாலும் பாதத்திலேயே ஏறுகிறது. ஆனால் திறந்த செருப்பில் விரல்களும் குதிகாலின் ஓரமும் வெளியேதானே இருக்கின்றன? பிள்ளைகள் வீட்டுக்குள் நுழைந்ததும் அதையும் கழற்றிவிடுவார்கள். மண் தரை வீடாக இருந்தால் தெள்ளின் புழுக்கள் அந்தத் தரையின் காய்ந்த தூசியிலேயே வளரும்.

அதனால் காலையும் மாலையும் பாதம் முழுக்க, விரலிடுக்கு, நகத்தோரம், குதிகால் என்று தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மடகாஸ்கரில் தேங்காய் எண்ணெய் சேர்த்த ஒரு தைலத்தை நாளுக்கு இருமுறை தடவி ஆராய்ந்தபோது, காலணி கொடுத்ததைவிட அதுவே நன்றாகக் காத்தது. வெறும் தேங்காய் எண்ணெய் அதே அளவுக்குக் காக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் தடவச் சொல்கிறேன், ஏனென்றால் தடவும் கைக்கே புதிய புள்ளி தட்டுப்படும். புதைந்த முதல் நாளில் அது சிறிய செந்நிறப் புள்ளியாகத்தான் தெரியும். அரிப்போடு இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தரையை சிமென்ட் பூச முடிந்தால் பூசுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். நாய், பூனை, பன்றிகளிலும் இது குடியிருக்கும். அவை மகன் படுக்கும் அறைக்குள் தூங்க வேண்டாம், அவற்றின் பாதங்களையும் பாருங்கள். மண்ணில் ஏற்கெனவே விழுந்த முட்டைகள் தெள்ளாக மூன்று, நான்கு வாரங்களாகும். மகன் கால் ஆறிவிட்டாலும் இதை ஒன்றிரண்டு மாதமாவது விடாமல் செய்யுங்கள்.